சீனியர் அசோசியேட்டை விட்டு அனலிஸ்ட் ஆகலாமா?

கேள்வி: "பி.காம். முடித்து, சென்னையில் ஒரு அவுட்சோர்சிங் நிறுவனத்தில் 3 வருடமாக வேலை பார்க்கிறேன். வெண்டர்களின் பில்களைச் சரிபார்த்துப் பதிவு செய்யும் வேலை. போன வருடம்தான் 'சீனியர் அசோசியேட்' ஆனேன். இப்போது ஒரு வெளிநாட்டு வங்கியின் சென்னை அலுவலகத்தில், இரண்டு பக்கக் கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ரீகன்சிலியேஷன் பிரிவில் 'அனலிஸ்ட்' வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் கொஞ்சம் கூடுதல். ஆனால் அப்பா, 'சீனியர்னு இருக்கிறதை விட்டுட்டு கீழே இறங்குவியா?' என்கிறார். இது ஏற்றமா, இறக்கமா?"
ஒரு வாசகர், தாம்பரம்

பதில்:

தம்பி, அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அவர் இரண்டு வேறு ஏணிகளின் படிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அசோசியேட், அனலிஸ்ட் இரண்டில் எது மேலே என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கோல்ட்மேன் சாக்ஸ், ஜே.பி. மார்கன் மாதிரி முதலீட்டு வங்கிகளில் கல்லூரி முடித்து நேராக வருபவர் அனலிஸ்ட். அதற்கு மேல்தான் அசோசியேட், அதற்கும் மேல் வைஸ் பிரசிடென்ட். அக்சென்சரில் அப்படியே தலைகீழ்: அசோசியேட் கீழே, அனலிஸ்ட் அதற்கு மேலே. கன்சல்டிங் துறைக்குள்ளேயே இந்தக் குழப்பம் உண்டு. மெக்கின்சியில் எம்.பி.ஏ. முடித்து வருபவரை அசோசியேட் என்கிறார்கள், பி.சி.ஜி.யில் இளங்கலை முடித்துச் சேருபவரே அசோசியேட். வால்மார்ட்டிலோ அலமாரியில் சாமான் அடுக்குபவரும் அசோசியேட்தான், அங்கே எல்லா ஊழியர்களுக்கும் அதுதான் பெயர்.

அதனால் 'சீனியர்' போகிறதே என்ற கவலையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அவுட்சோர்சிங் நிறுவனங்களில் பல இடங்களில் ஒன்றிரண்டு வருடத்தில் அந்தச் சொல் வந்துவிடும். ஆளை நிறுத்திவைக்கச் சம்பளத்தை ஏற்ற முடியாதபோது பெயரை ஏற்றுவதும் உண்டு. நான் பல வருடம் ஆளெடுக்கும் பிரிவில் இருந்தவள். ரெஸ்யூமேயில் 'சீனியர் அசோசியேட்' என்று பார்த்தால் அதிலேயே நிற்க மாட்டோம். எந்த நிறுவனம், அதற்குக் கீழே எத்தனை படி, கையில் என்ன வேலை என்றுதான் தேடுவோம்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. வங்கிகளில் ஒருவருக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். ஒன்று அவர் செய்யும் வேலையின் பெயர். மற்றது வங்கி முழுவதற்கும் பொதுவான பதவி. 'கார்ப்பரேட் டைட்டில்' என்பார்கள். உங்கள் ஆஃபர் லெட்டரில் 'ரீகன்சிலியேஷன் அனலிஸ்ட்' என்று இருந்தால் அது வெறும் வேலைப் பெயராக இருக்கலாம். கார்ப்பரேட் டைட்டிலே இல்லாத, அனலிஸ்டுக்கும் கீழான ஒரு கிரேடில் உங்களைப் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. சில வங்கிகளின் இந்திய அலுவலகங்களில் அப்படிப்பட்ட கிரேடுகள் இருக்கின்றன. அங்கிருந்து முதல் கார்ப்பரேட் டைட்டிலுக்கு வரவே சில வருடங்கள் ஆகிவிடும். அதனால் எச்.ஆருக்கு இன்றே ஒரு மெயில் போடுங்கள்: "என் கார்ப்பரேட் டைட்டில் என்ன, கிரேடு என்ன, அதற்கு அடுத்த படி எது?" போனில் கேட்டால் "அனலிஸ்ட்தான், அனலிஸ்ட்தான்" என்றுதான் சொல்வார்கள். எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் வேலை. எனக்கு இதுதான் பதவியைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரு தடவை, நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்துக்காக 'பிசினஸ் அனலிஸ்ட்' என்று ஒரு பெண்ணை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வருடம் கழித்து அவள் அழாத குறையாக வந்து சொன்னாள்: தினமும் காலையில் ஒரே ரிப்போர்ட்டை இறக்கி, கலர் அடித்து, மெயிலில் அனுப்புவது மட்டும்தான் அவள் வேலை. ஒரு எண் ஏன் குறைந்தது என்று யாரும் அவளைக் கேட்டதே இல்லை. 'ஒரு எண் குறைந்தால் ஏன் என்று யார் பார்ப்பார்கள்?' என்று எடுக்கும்போதே நான் கேட்டிருக்க வேண்டும். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

உங்கள் ரீகன்சிலியேஷனுக்கு அதே கேள்வியைப் பொருத்திப் பார்ப்போம். வங்கி தன் புத்தகத்தில், நியூயார்க்கில் உள்ள இன்னொரு வங்கியில் தான் வைத்திருக்கும் கணக்கில் 25,000 டாலர் வரவு என்று எழுதியிருக்கும். அந்த வங்கியின் ஸ்டேட்மெண்டில் 24,985 தான் இருக்கும். இந்த 15 டாலர் வித்தியாசத்தை 'பிரேக்' என்பார்கள். பொருந்துகிற வரிகளை சாஃப்ட்வேரே பொருத்திவிடும். மனிதருக்கு வருவது இந்தப் பொருந்தாத வரிகள்தான். நீங்கள் இப்போது பில்லையும் பர்ச்சேஸ் ஆர்டரையும் சரக்கு வந்த ரசீதையும் வைத்து ஒப்பிடுகிறீர்களே, கிட்டத்தட்ட அதே கண், அதே பொறுமை. அந்த வகையில் உங்கள் 3 வருடம் வீணாகாது.

ஆனால் அந்த 15 டாலரை யார் துரத்துகிறார்கள்? சில டீம்களில் அனலிஸ்ட்டே பேமெண்ட் விவரத்தைத் திறந்து பார்த்து, நடுவில் இருந்த வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டது என்று கண்டுபிடித்து, சரிசெய்யும் பதிவைத் தயாரித்து, மேலே ஒப்புதல் வாங்கி, பிரேக்கை மூடுவார். வேறு டீம்களில் அனலிஸ்ட் அந்த வரிக்குப் பக்கத்தில் 'கட்டண வித்தியாசம்' என்று ஒரு குறிப்பைத் தேர்ந்தெடுத்து இன்னொரு டீமுக்குத் தள்ளிவிடுவார். அதன் பிறகு என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் அனலிஸ்ட்தான். முதலாமவர் 2 வருடத்தில் வங்கிப் பணம் எப்படி நகர்கிறது என்று கற்றிருப்பார். இரண்டாமவர் கற்றது அந்த ஒரு ஸ்கிரீன்தான். அதுவும் நாளைக்கு சாஃப்ட்வேர் விழுங்கிவிடக்கூடிய வேலை.

ஆகவே மேனேஜரிடம் பேச அரை மணி நேரம் கேளுங்கள். ஆஃபர் கொடுத்த பிறகு இப்படிக் கேட்பது வழக்கம்தான், தயங்காதீர்கள். "ஒரு பிரேக் வந்தால் அதை மூடும்வரை என் டீம் பார்க்குமா, இன்னொரு டீமுக்குப் போகுமா?" என்று கேளுங்கள். பதிலில் ஒரு நாளைக்கு இத்தனை வரி, இத்தனை நிமிடத்துக்குள், எந்த ஷிஃப்ட் என்பது மட்டுமே திரும்பத் திரும்ப வந்தால் அது இரண்டாவது வகை. 'பழைய பிரேக்', 'காரணம்', 'எந்த டெஸ்க்கிடம் பேச வேண்டும்' என்று அவர் தானாகவே விவரிக்க ஆரம்பித்தால் முதல் வகை.

லிங்க்ட்இன்னில் ஒரு மாலை உட்காருங்கள். அதே வங்கி, சென்னை, அதே பிரிவு என்று தேடி, 3, 4 வருட அனுபவத்தோடு உள்ளே வந்தவர்களை மட்டும் பாருங்கள். அனலிஸ்ட்டிலிருந்து அசோசியேட் ஆக எத்தனை வருடம் ஆனது? முதலீட்டு வங்கியின் டீல் டீம்களில் அது 2, 3 வருடம் என்பார்கள்; ஆபரேஷன்ஸில் பெரும்பாலும் கூடுதலாகவே ஆகும். அந்தக் கணக்கை இங்கே போடாதீர்கள். பத்துப் பேர் ப்ரொஃபைல் பார்த்தால் போதும். வெளியே போனவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் பாருங்கள். வேறு வங்கிகளின் கன்ட்ரோல், ரிஸ்க் பிரிவுகளுக்குப் போயிருந்தால் நல்லது. எல்லோரும் இன்னொரு ரீகன்சிலியேஷன் டீமுக்கே போயிருந்தால் அதையும் மனதில் வையுங்கள்.

கிரேடு அனலிஸ்ட்தான் என்று எழுத்தில் வந்து, பிரேக்கை மூடுவதும் உங்கள் டீம்தான் என்றால், என் கருத்தில் தாராளமாகச் சேரலாம். கார்ப்பரேட் டைட்டில் இல்லை, வேலையும் தள்ளிவிடும் வகை என்றால், அந்தக் கொஞ்சம் கூடுதல் சம்பளத்துக்காக மாற வேண்டாம். ஒன்று சரி, ஒன்று இல்லை என்று வந்தால் நான் வேலையின் பக்கம்தான் நிற்பேன். கிரேடைப் பற்றி மட்டும் 12 மாதத்தில் மறுபரிசீலனை உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்பாவிடம் வங்கியின் படிகளை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பக்கத்தில் உங்கள் இப்போதைய நிறுவனத்தின் படிகளையும் எழுதி, 'சீனியர் அசோசியேட்'டுக்கு மேல் எத்தனை இருக்கிறது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.