பொருளுக்குப் படம்: எங்கே புகைப்படக்காரர், எங்கே ஏஐ?

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சேலை விற்பனையாளர்: மாதம் நாற்பது பட்டுச் சேலைகளை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறேன். புகைப்படக்காரர் ஒரு சேலைக்கு 150 ரூபாய் கேட்கிறார். ஏஐ செயலியில் ஒரு படத்தைப் போட்டால், பெண் கட்டி நிற்பது போலப் பத்துப் படங்கள் வந்துவிடுகின்றன. நான் ஏன் செலவு செய்ய வேண்டும், ஐயா?

பட்டுச் சேலைக்கு மட்டும் என்றால், புகைப்படக்காரரை விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர் ஒரு படத்தைப் பார்த்து எதை முடிவு செய்கிறார் என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன். பட்டில் அவர் பார்ப்பது நிறம், சரிகை, கரையும் முந்தானையும் ஆகிய மூன்று. இந்த மூன்றுக்கும் படம்தான் சாட்சி. எழுத்தால் ஈடுகட்ட முடியாது.

மயில் கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம் என்று நெய்திருப்பதால், சேலையைத் திருப்பும் கோணத்துக்கு ஏற்ப நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். செயலிக்கு நீங்கள் கொடுத்தது ஒரு கோணத்தில் எடுத்த ஒரே படம். மற்றக் கோணங்களில் அந்தத் துணி எப்படி மின்னும் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே ஏதோ ஒரு நீலத்தைப் பூசி மடிப்புகளை வரைந்துவிடும். கரையிலும் இதே கதைதான். கொசுவத்துக்குள் மறைந்து வெளியே வரும் இடங்களில் அது கரையை ஊகித்து நிரப்புகிறது. உங்கள் சேலையில் மயிலும் யாளியும் மாறி மாறி வந்தால், ஏஐ படத்தில் இரண்டு மயில்கள் அடுத்தடுத்து நிற்கலாம், அல்லது யாளி ஏதோ ஒரு நாலுகால் விலங்காகிவிடலாம். கோபுரக் கரை என்றால், உண்மைச் சேலையில் ஒரு சாண் நீளத்துக்கு எத்தனை கோபுரங்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்து, ஏஐ படத்திலும் எண்ணுங்கள். பெரும்பாலும் எண்ணிக்கை ஒத்துப்போகாது.

இப்போது கணக்குக்கு வருவோம். நாற்பது சேலைகளுக்கு 150 ரூபாய் வீதம் 6,000 ரூபாய். ஒரு சேலையில் உங்களுக்கு 1,200 ரூபாய் நிற்கிறது என்றும், போகவர கூரியருக்கு 300 ரூபாய் ஆகிறது என்றும் வைத்துக்கொண்டால், திரும்பி வரும் ஒவ்வொரு சேலையும் 1,500 ரூபாயைக் கொண்டுபோகிறது. அப்படியானால் படத்தில் இருந்தபடி இல்லை என்று மாதம் நான்கு சேலைகள் திரும்பினாலே, நீங்கள் மிச்சம் பிடித்த பணம் போய்விட்டது. உங்கள் லாபமும் கூரியர் செலவும் வேறாக இருந்தால், அந்த எண்களைப் போட்டு இதையே செய்து பாருங்கள். திரும்பி வந்த சேலையை வாங்க மறுக்கவும் வழியில்லை. விளம்பரத்தில் காட்டிய தன்மையோ அம்சமோ இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பக்கத்தில் எழுதி வைத்திருப்பது இந்த இடத்தில் உதவாது.

6,000 ரூபாய் கையைக் கடிக்கிறது என்றால், அதைக் குறைப்பதற்கு ஒரு வழி உண்டு. வெயில் நேராக விழாத சன்னல் ஓரத்தில் சேலையை விரித்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, உங்கள் கைபேசியிலேயே உடலையும் கரையையும் எடுங்கள். புகைப்படக்கடையில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டை ஒன்றைச் சேலைமேல் வைத்து முதல் படத்தை எடுத்து, அதைக் கொண்டு, வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் வெண்சமநிலையைச் சரிசெய்து, அந்த வரிசைப் படங்கள் அனைத்துக்கும் அதே அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். முந்தானையின் நெருக்கமான படத்துக்கும் இருநிறச் சேலைகளுக்கும் மட்டும் புகைப்படக்காரரை அழைக்கலாம்.

சேலத்திலிருந்து ஒரு கடைக்காரர்: படத்தின் ஓரத்தில் "ஏஐ படம், நிறம் மாறலாம்" என்று போட்டுவிட்டால் நம்மேல் பொறுப்பு வராது, சரிதானே? எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பாதி சரி. ஏஐ படம் என்று சொல்வது நேர்மையானது, அவசியமும்கூட. ஆனால் அந்த வரியால் படத்தின் பொய்யைத் திருத்த முடியாது. தவறாக வழிநடத்தும் ஒரு விளம்பரத்தைச் சரிசெய்வதற்குப் பொறுப்புத் துறப்பு வாசகத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று, தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கான 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. கைபேசித் திரையில் நிறம் சற்று மாறித் தெரியும் என்பது விளக்கம். சேலையில் இல்லாத கரையைக் காட்டிவிட்டு "மாறலாம்" என்பது விளக்கம் ஆகாது.

கூகுளில் பொருள்களைப் பட்டியலிடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஏஐ உருவாக்கிய படத்தின் உள்தகவலில் `DigitalSourceType` என்ற இடத்தில் `TrainedAlgorithmicMedia` என்ற குறிப்பு இருக்க வேண்டும் என்று Google Merchant Center கேட்கிறது. உங்கள் செயலி அதை எழுதியிருந்தாலும், படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி அங்கிருந்து இறக்கினால் அந்த உள்தகவல் போய்விடும். மூலக் கோப்பை அப்படியே ஏற்றுங்கள்.

மதுரையிலிருந்து, குழாய்ச் சாமான் கடை: எல்போ, டீ, வால்வு என்று எண்ணூறு சாமான்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் படம் எடுக்க முடியுமா?

வேண்டாம். அரை அங்குல எல்போவா முக்கால் அங்குலமா என்பதைப் படம் சொல்லாது, நீங்கள் எழுதும் அளவுதான் சொல்லும். விநியோகஸ்தரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று நிறுவனத்தின் பட்டியல் படங்களைப் போடுங்கள். ஏஐயை இங்கே தொடவே வேண்டாம். அது மரையைத் தப்பாக வரையும், வால்வில் இல்லாத வாயைச் சேர்க்கும்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து, பித்தளை விளக்கு விற்பவர்: குத்துவிளக்கை நானே படம் எடுக்கிறேன். பின்னணியை மட்டும் ஏஐயில் பூஜையறையாக மாற்றுகிறேன். விளக்கு நிஜம்தானே, இதில் என்ன தப்பு?

விளக்கு நிஜமாகவே இருந்தால் தப்பில்லை. சிக்கல் என்னவென்றால், பின்னணியை மாற்றச் சொன்னால் பல செயலிகள் பொருளையும் சேர்த்துத் திரும்ப வரைந்துவிடுகின்றன. பித்தளையில் இது அதிகம் நடக்கும். உங்கள் விளக்கின் தண்டில் கடையின் டியூப்லைட் கோடாகத் தெரிகிறது. புதிய பூஜையறையில் டியூப்லைட் இல்லை. அந்தப் பிரதிபலிப்பைப் பொருத்தமாக்கப் போகும் செயலி, தண்டில் உள்ள வளையங்களையும் மேலே உள்ள அன்னத்தின் கழுத்தையும் கூடவே மாற்றுகிறது. சில நேரம் ஐந்து முகம் ஆறாகிவிடும்.

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். GIMP இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உங்கள் மூலப் படத்தையும் செயலி கொடுத்த படத்தையும் ஒரே அளவில் இரண்டு அடுக்குகளாக வைத்து, இரண்டு விளக்குகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்படி நகர்த்துங்கள். மேல் அடுக்கின் முறையை `Difference` என்று மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் கறுப்பாகிவிடும். பின்னணி பளபளவென்று தெரியும், அது மாறத்தான் வேண்டும். விளக்கு இருக்கும் இடத்தில் மங்கலான சிறு புள்ளிகள் மட்டும் இருந்தால், அவை படத்தைச் சுருக்கிச் சேமித்ததால் வந்தவை, விட்டுவிடலாம். வளையங்களும் அன்னமும் வெள்ளைக் கோடுகளாக எழுந்து நின்றால், செயலி விளக்கைத் தொட்டிருக்கிறது. அந்தப் படத்தைப் போடாதீர்கள். மூலப் படத்திலிருந்து விளக்கை வெட்டி எடுத்து, பின்னணியைத் தனியாக உருவாக்கி, அதன்மேல் நீங்களே ஒட்டுங்கள். நிழல் கொஞ்சம் பொருந்தாமல் இருந்தாலும் விளக்கு உங்களுடையதாக இருக்கும்.

உயரத்தையும் கவனியுங்கள். ஓர் அடி விளக்கைப் பெரிய பூஜையறை நடுவில் நிறுத்தினால் மூன்றடி விளக்காகத் தெரியும். உயரம், எடை இரண்டையும் எழுதிவிட்டு, கையில் பிடித்திருக்கும் படம் ஒன்றையும் சேருங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு புகைப்படக்காரர்: இப்படி எல்லாக் கடைகளையும் ஏஐ பக்கம் அனுப்பினால் எங்கள் பிழைப்பு என்னாவது?

தம்பி, மேலே உள்ளதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பட்டுச் சேலைக்கு நான் உங்களைத்தான் அழைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் வேலையின் ஒரு பகுதி உண்மையிலேயே போகிறது. பண்டிகைப் பதாகை, அலங்காரப் பின்னணி, தீபாவளி வாழ்த்துப் படம் ஆகியவற்றுக்குக் கடைக்காரர்கள் இனி உங்களைத் தேட மாட்டார்கள். வெற்று டி-சர்ட் ஆறு நிறங்களில் வந்தாலும், ஒன்றை எடுத்து மற்ற ஐந்துக்கு நிறம் மாற்றும் வேலையை முன்பே கணினியில் செய்துகொண்டுதான் இருந்தோம். ஒவ்வொரு நிறத்துக்கும் உண்மையான துணித்துண்டை வைத்து ஒப்பிட்டால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. மிஞ்சுவது நெசவு, பளபளப்பு, தையல், நிறம் ஆகியவற்றை மெய்ப்பிக்கும் படங்கள். அவற்றுக்குத் தனி விலை சொல்லுங்கள், நிறத்துக்கு நீங்கள் பொறுப்பேற்பதாக எழுதிக் கொடுங்கள். ஏஐ செயலி அப்படி எழுதிக் கொடுக்காது.

படத்தின் உரிமையையும் முன்கூட்டியே பேசுங்கள். பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. இதை அறியாமல் இரு தரப்பும் பின்னால் சண்டை போடுகின்றன.

ஈரோட்டிலிருந்து, வீட்டில் பலகாரம் செய்பவர்: அதிரசம், முறுக்கு, தட்டை. ஏஐ படம் அழகாக இருக்கிறது, அண்ணா. என் படம் கறுப்பாக இருக்கிறது.

கறுப்பாக இருப்பதற்குக் காரணம் வெளிச்சம்தான், அம்மா. காலை வேளையில் திண்ணையில் வைத்து எடுங்கள், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால் நிழல் தெளியும். அதிரசம் வாங்குபவர் அதன் நிறத்தையும் எண்ணெய் கோத்திருக்கிறதா என்பதையும் பார்க்கிறார். கண்ணாடி போல மின்னும் ஏஐ அதிரசம் அதைக் காட்டாது. கோலமும் தீபமும் உள்ள பின்னணியை உருவாக்கிக்கொள்ளலாம். நீங்கள் செய்யாத பலகாரம் தட்டில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் காஞ்சிபுரம் சேலை விற்பனையாளர்: முதல் படம் நிஜச் சேலை, இரண்டாவது ஏஐ பெண் கட்டியது, அதன்மேல் "ஏஐ" என்றும் எழுதியிருக்கிறது. இப்படிச் செய்தால்?

இதில் எனக்கு முடிவான கருத்து இல்லை. உடல் வெற்றாகவும் கரை குறுகலாகவும் உள்ள சேலைகளில் இது பெரிய தீங்கு செய்யாது என்று நினைக்கிறேன். உடல் முழுக்கச் சரிகை ஓடும் சேலைக்கு வேண்டாம் என்பேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சங்கடம் இருக்கிறது: கனமான பட்டும் மென்பட்டும் கட்டினால் விழும் விதம் வேறு, வாங்குபவர்கள் அந்த மடிப்பைப் பார்த்துத்தான் சேலையின் கனத்தை ஊகிக்கிறார்கள். ஏஐ பெண்ணின் மீது எல்லாப் பட்டும் ஒரே மாதிரி விழுகிறது. நீங்கள் எழுதிய "ஏஐ" என்ற குறிப்பை அவர்கள் முகத்துக்கு உரியதாக எடுத்துக்கொள்கிறார்களா, மடிப்புக்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்களா என்பதுதான் கேள்வி.

உங்களிடமே அதற்கு விடை கிடைக்கும். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் வாங்கும்போது ஒரு படத்தைத் திருப்பி அனுப்பி "இது இருக்கிறதா?" என்று கேட்பார்கள். அடுத்த முகூர்த்த மாதத்தில் அவர்கள் அனுப்பியது நிஜப் படமா, ஏஐ படமா என்று ஒவ்வொரு ஆர்டர் சீட்டிலும் குறித்து வையுங்கள். சேலை திரும்பி வந்தால் அதே சீட்டில் காரணத்தையும் எழுதுங்கள். ஏஐ படத்தைப் பார்த்து வாங்கியவர்களிடமிருந்துதான் "கனமே இல்லை", "விறைப்பாக இருக்கிறது" என்ற குறைகள் வருகின்றன என்றால், அந்த இரண்டாவது படத்தை எடுத்துவிட்டு, வீட்டில் யாரையாவது கட்டச் சொல்லிக் கழுத்துக்குக் கீழே எடுத்த ஒரு படத்தைப் போடுங்கள்.