உற்பத்தியில் முதலிடம், குழுவில் மனவெறுப்பு: மதிப்பீட்டுப் படிவத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: "எங்கள் செம்பனை எண்ணெய் ஆலையில் ஒரு ஷிப்ட் சூப்பர்வைசரின் உற்பத்தி எல்லாரையும் விட மேல். ஆனால் அவருக்குக் கீழே இருப்பவர்கள் மனம் வெறுத்து ஷிப்ட் மாற்றிக் கேட்கிறார்கள். ஆண்டு மதிப்பீட்டில் இவருக்கு எப்படிப் புள்ளி போடுவது?"

ஊத்தான் மெலிந்தாங் பக்கத்தில் ஓர் ஆலையில் பல ஆண்டுகளாக ஷிப்ட் சூப்பர்வைசர்களை மதிப்பிட்டு வருகிறேன். நடத்தையைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், அந்த உயர்ந்த உற்பத்தி முழுவதும் அவருடையதுதானா என்று பார்த்துவிடுங்கள்.

எங்களிடம் இருந்த ஒருவரின் ஷிப்டில் மணிக்கு இத்தனை டன் குலை என்ற கணக்கு எப்போதும் கூடுதலாகவும், ஆலை நின்ற நேரம் குறைவாகவும் இருந்தன. அவருடைய லோக் புத்தகப் பக்கங்களை அடுத்த ஷிப்டின் பக்கங்களோடு சேர்த்துப் படித்தபோதுதான் காரணத்தில் ஒரு பகுதி விளங்கியது. பாய்லர் சாம்பலை வாரிவிட்டுத்தான் ஷிப்டை ஒப்படைக்க வேண்டும். அவரோ அதை விட்டுவிட்டுக் கடைசி நிமிடம் வரை ஓட்டுவார். அடுத்து வருகிறவர்கள் நீராவி அழுத்தம் இறங்கிப்போய், குலைகளை அவிக்க முடியாமல், முதல் வேலையாகச் சாம்பல் வாருவார்கள். ஆலை நின்ற நேரம் எந்த ஷிப்டில் நேர்கிறதோ அந்த ஷிப்டின் பெயரில்தான் ஏறும் என்பதால், அவர் சேர்த்த கடனை மற்றவர்கள் தங்கள் கணக்கில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கழித்த பிறகும் அவர் கெட்டிக்காரராகவே இருந்தார். அதையும் குறைக்காமல் எழுதினோம்.

அடுத்து, உற்பத்திக்கும் நடத்தைக்கும் தனித்தனியே புள்ளி போட்டு, இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஒன்றில் "மிகச் சிறப்பு", மற்றொன்றில் "குறைவு" என்று போட்டுச் சராசரி எடுத்தால் "நன்று" என்று வரும். அவரும் அந்த ஒரு சொல்லைத்தான் வீட்டுக்குக் கொண்டு போவார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே நிற்கவிட்டு, நடத்தையில் குறைந்த அளவைத் தொடாதவருக்குப் பதவி உயர்வு இல்லை என்று விதி வையுங்கள். அந்த விதி ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அறிவிக்கவில்லையென்றால், உற்பத்திக்கு வாக்களித்த போனஸை இந்த ஆண்டு முழுமையாகக் கொடுத்துவிட்டு, விதியை அடுத்த ஆண்டுக்கு எழுதிக் கொடுப்பதுதான் நியாயம்.

நடத்தைப் பகுதியில் "திமிர் பிடித்தவர்", "அனுசரிக்கத் தெரியாதவர்" போன்ற சொற்களுக்கு இடமே கொடுக்காதீர்கள். அவர் மறுப்பார், உங்களால் நிரூபிக்க முடியாது. நடந்ததை எழுதுங்கள். நாங்கள் எழுதிய ஒன்று இது: பிரஸ் வழக்கத்துக்கு மாறாக அதிர்கிறது என்று ஓர் இளம் ஆப்பரேட்டர் சொன்னபோது, "நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அதே மாதத்தில் அந்த இளைஞர் ஓர் எண்ணெய்க் கசிவைப் பார்த்தும் வாய் திறக்காமல் இருந்து, அடுத்த ஷிப்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். தேதி, சொன்ன சொல், அதனால் வேலைக்கு நேர்ந்தது ஆகிய மூன்றும் இருந்தால் நான்கைந்து சம்பவங்களே போதும்.

எஸ்டேட் ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. குறை சொன்னவரும் சொல்லப்பட்டவரும் ஒரே தாமானில் குடியிருப்பார்கள். ஒருவர் கோவில் கமிட்டித் தலைவராகவும் மற்றவருக்கு மாமா முறையாகவும் இருப்பார். ஆறு பேர் கொண்ட ஷிப்டில் பெயரில்லாமல் கருத்துக் கேட்டாலும் யார் எழுதியது என்று அன்று மாலையே தெரிந்துவிடும். ஆகவே நீங்கள் நேரில் கண்டதையும், லோக் புத்தகத்தில் பதிவானதையும், ஷிப்ட் மாற்றக் கடிதங்களின் எண்ணிக்கையையும் மட்டும் ஆதாரமாக வையுங்கள்.

பேச உட்காரும்போது சம்பவங்களை முன்வைத்துவிட்டு, அவர் தரப்பை முழுமையாகக் கேளுங்கள். ஆள் பற்றாக்குறையோ, மேலிடத்தின் டன் கணக்கு நெருக்கடியோ அவரை அப்படித் தள்ளியிருக்கலாம். அப்படியானால் அதைத் தீர்ப்பது உங்கள் பொறுப்பு. பிறகு, சாம்பல் வாரி ஒப்படைப்பது, பழுது சொல்பவரை முழுதாகக் கேட்பது, ஆளைத் திருத்த வேண்டுமென்றால் தனியே அழைத்துப் பேசுவது என்று கண்ணால் பார்க்கக்கூடிய மாற்றங்களைக் கேட்டு, மூன்று மாதம் மாதமொருமுறை பாருங்கள். அவர் ஷிப்டில் பழுதுப் புகார்கள் கூடினால் கலங்க வேண்டாம். ஆட்கள் மறுபடி வாய் திறக்கிறார்கள் என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

மிரட்டல், கெட்ட வார்த்தை, கை ஓங்குதல் என்ற அளவுக்குப் போயிருந்தால் அதை மதிப்பீட்டுப் படிவத்தில் அடைக்கக் கூடாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்கிறபடி முறையான விசாரணை நடத்த வேண்டும். பின்னாளில் அவரை நீக்க நேர்ந்தால், 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் கீழ் 60 நாளுக்குள் அவர் முறையிடலாம். அங்கே நீங்கள் ஆண்டுதோறும் "மிகச் சிறப்பு" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்ட படிவங்களைத்தான் அவர் முதலில் எடுத்து வைப்பார்.