சங்க நோட்டீஸில் ‘விதி’ என்ற சொல்லுக்கு மாற்று உண்டா?

கேள்வி: குடியிருப்போர் சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதுகிறேன். வரிக்கு வரி ‘விதி’ என்றே வருகிறது, படிக்கவே அலுப்பாக இருக்கிறது. ஒழுங்குமுறை, வழிகாட்டுதல், கொள்கை, துணைவிதி என்று மாற்றி மாற்றிப் போடலாமா? எல்லாம் ஒன்றுதானே?

அலுப்புத் தட்டுகிறதே என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். கட்டுரையில் கடல், ஆழி, பரவை என்று மாற்றிப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. நோட்டீஸில் இந்த நாலு சொல்லும் நாலு வேறு சங்கதிகள். இதை யார் முடிவு செய்தார்கள், யாரால் மாற்ற முடியும், மீறினால் என்ன ஆகும் என்ற மூன்றையும் அந்த ஒரு சொல்லே வாசகருக்குச் சொல்லிவிடுகிறது. தப்பான சொல்லைப் போட்டால் தப்பான பதில் போய்ச் சேரும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடம் ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்தேன். அப்போது நான் எழுதி ஒட்டிய நோட்டீஸ் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

“சங்க விதிகளின்படி, அனைவரும் கீழ்க்கண்ட விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். 1. சந்தா பாக்கி வைத்திருப்போர் பொதுக்குழுவில் வாக்களிக்கக் கூடாது. 2. சுவரில் துளையிடும் வேலையை காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்ய வேண்டும். 3. லிஃப்டில் கனமான சாமான் ஏற்றும்போது தரையில் அட்டை விரித்துக்கொள்ள வேண்டும். 4. கூட்ட அறை, விதிப்படி முதலில் கேட்பவருக்கே ஒதுக்கப்படும். விதிகளை மீறினால் அபராதம் விதிக்கப்படும்.”

படிக்கக் கச்சிதமாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் ஒருவர் காலை ஏழு மணிக்கு டிரில்லரைப் போட்டார். அபராத ரசீது கொடுத்தோம். மனிதர் கோபப்படவே இல்லை. “சங்க விதின்னு போட்டிருக்கீங்களே சார், எத்தனையாவது விதி? நம்பர் சொல்லுங்க, கட்டிடறேன்” என்றார். பைலாவை எடுத்துப் புரட்டினேன். துளையிடுவதைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. பொது இடங்களின் பயன்பாடு குறித்து நிர்வாகக் குழு ஒழுங்குமுறைகள் வகுக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. அவர் துளையிட்டதோ சொந்த வீட்டுச் சுவரில். அபராதம் என்றால் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும் என்று அடுத்த பிரிவே சொன்னது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். எங்கள் நேரக் கட்டுப்பாட்டில் நியாயம் இருந்தது. அதற்கு நான் வைத்த பெயரிலும், எங்களுக்கு இல்லாத அதிகாரத்திலும்தான் கோளாறு.

அந்த நோட்டீஸையே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வரி, வாக்குரிமை. இது அசல் துணைவிதி. பேச்சில் எல்லாரும் பைலா என்பது இதைத்தான். யார் உறுப்பினர், யாருக்கு ஓட்டு, குழுவை எப்படித் தேர்ந்தெடுப்பது, கூட்டத்துக்கு எத்தனை பேர் வர வேண்டும், குழுவின் அதிகாரம் எதுவரை என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைத் திருத்த செயலாளரால் முடியாது, குழுவாலும் முடியாது. திருத்தத்தை முன்கூட்டியே உறுப்பினர்களுக்கு அனுப்பி, பொதுக்குழுவில் வழக்கமானதைவிடக் கூடுதல் பெரும்பான்மையோடு நிறைவேற்ற வேண்டியிருக்கும். பதிவு செய்த சங்கம் என்றால் பதிவு அலுவலகத்திலும் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே ‘துணைவிதி’ என்று எழுதினால் பக்கத்திலேயே பிரிவு எண்ணையும் எழுதுங்கள். எண் எழுத முடியவில்லை என்றால் அது துணைவிதி இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த மிக எளிய சோதனை இதுதான்.

அந்த வரியில் இன்னொரு பிசகும் இருந்தது. ‘வாக்களிக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தேன். ‘கூடாது’ என்றால் அதைச் செய்வது குற்றம் என்று ஆகிறது. துணைவிதி பெரும்பாலும் குற்றத்தைப் பற்றிப் பேசாது, உரிமை உண்டா இல்லையா என்றுதான் பேசும். பாக்கி வைத்தவர் கையைத் தூக்கினால் அவருக்குத் தண்டனை இல்லை. அந்த ஓட்டு கணக்கில் சேராது, அவ்வளவே. ‘வாக்குரிமை இல்லை’ என்பதுதான் சரி.

இரண்டாவது வரி, டிரில்லர். இது ஒழுங்குமுறை. துணைவிதி கொடுத்த அதிகாரத்தின் கீழ் வகுப்பது, தீர்மானம் போட்டு மாற்றிக்கொள்ளக்கூடியது. இதற்கு ‘விதிமுறை’ என்றும் எழுதுகிறார்கள். பிழையில்லை, காதுக்குப் பழகிய சொல்லும்கூட. ஆனால் துணைவிதியும் விதிமுறையும் ஒரே தாளில் வந்தால் அவசரத்தில் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படும். அதனால் நான் ஒழுங்குமுறை என்பதையே வைத்துக்கொள்கிறேன். பிரிவு எண்ணுக்குப் பதில் இதற்குத் தீர்மானத் தேதி வேண்டும். இது யாருக்குப் பொருந்தும் என்பதையும் கவனியுங்கள். வாடகைக்கு இருப்பவர் பல சங்கங்களில் உறுப்பினரே இல்லை. அதனால் வாக்குரிமை வரியில் ‘உறுப்பினர்’, டிரில்லர் வரியில் ‘குடியிருப்போர்’ என்று எழுத வேண்டும். நான் இரண்டுக்கும் சேர்த்து ‘அனைவரும்’ என்று போட்டிருந்தேன்.

மூன்றாவது வரி, அட்டை விரிப்பது. லிஃப்ட் தரையில் கீறல் விழக்கூடாதே என்ற நல்லெண்ண யோசனை, வேறொன்றுமில்லை. இதற்குப் பெயர் வழிகாட்டுதல். அட்டைக்குப் பதில் பழைய போர்வையை விரித்தாலும் காரியம் நடந்துவிடும். அந்த அளவுக்கு இடம் கொடுப்பதுதான் வழிகாட்டுதல். அரசாங்கச் சுற்றறிக்கை நடையில் ‘வழிகாட்டு நெறிமுறைகள்’ என்று நீட்டுவார்கள். வழி என்றாலும் பாதை, நெறி என்றாலும் பாதை. ஒரே பாதையை இரண்டு தடவை காட்டுகிறது அந்தத் தொடர். நோட்டீஸ் பலகையில் இடம் குறைவு, ‘வழிகாட்டுதல்’ போதும். முக்கியமாக, இதன் கீழே அபராதம் என்ற பேச்சே வரக்கூடாது. அபராதம் உண்டு என்றால் அது வழிகாட்டுதல் இல்லை, தீர்மானம் போட்டு மேலே ஒழுங்குமுறையில் சேர்த்துவிடுங்கள்.

நாலாவது வரிதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில்தான் என் அபத்தம் முழுசாகத் தெரிகிறது. கூட்ட அறையை முதலில் கேட்பவருக்குக் கொடுப்போம் என்பது யாரைக் கட்டுப்படுத்துகிறது? குடியிருப்போரை அல்ல, குழுவை. குழு தன் முடிவுகளை எந்த அடிப்படையில் எடுக்கும் என்று முன்கூட்டியே கொடுக்கும் வாக்குதான் கொள்கை. அதை மீறக்கூடியவர்கள் நாங்கள்தான். ஆக, ‘மீறினால் அபராதம்’ என்று நான் எழுதியது எங்கள் தலையில் நாங்களே வைத்துக்கொண்ட கொள்ளி.

‘கொள்கை’ என்ற சொல்லில் ஒரு சங்கடமும் உண்டு. தமிழ்க் காதுக்கு அது கட்சி, லட்சியம், உயிரைக் கொடுப்பது என்ற பக்கமே இழுக்கும். ‘கூட்ட அறை ஒதுக்கீட்டுக் கொள்கை’ என்றால் சின்ன விஷயத்துக்குப் பெரிய மாலை போட்ட மாதிரி இருக்கிறது. நான் ‘ஒதுக்கீட்டு நடைமுறை’ என்று எழுதுகிறேன். ஆவணத்துக்குத் தலைப்பாகக் கொள்கை இருக்கட்டும், நோட்டீஸில் நடைமுறை இருக்கட்டும்.

பிறகு திருத்தி ஒட்டிய நோட்டீஸ் இது. துளையிடும் நேரத்தையும் அபராதத்தையும் பொதுக்குழுவில் வைத்து, அதற்கான அதிகாரத்தைத் துணைவிதியிலும் சேர்த்த பிறகுதான் ஒட்டினோம். பிரிவு எண்ணும் தேதியும் எங்கள் சங்கத்தோடு போகட்டும் என்று இங்கே எடுத்துவிட்டேன்:

“துணைவிதி, பிரிவு (எண்): சந்தா பாக்கி உள்ள உறுப்பினர்களுக்குப் பொதுக்குழுவில் வாக்குரிமை இல்லை.
ஒழுங்குமுறை (பொதுக்குழுத் தீர்மானம், தேதி): குடியிருப்போர் காலை 10 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் சுவரில் துளையிடக் கூடாது. மீறினால் அபராதம் உண்டு.
வழிகாட்டுதல்: லிஃப்டில் கனமான சாமான் ஏற்றும்போது தரையில் அட்டை விரித்துக்கொண்டால் கீறல் விழாது.
கூட்ட அறை ஒதுக்கீட்டு நடைமுறை: முதலில் எழுதிக் கொடுப்பவருக்கே அறையை ஒதுக்குவோம். ஒரே நேரத்தில் இருவர் கேட்டால் குலுக்கிப் போடுவோம்.”

வினைமுற்றுகளைப் பாருங்கள். ‘இல்லை’, ‘கூடாது’, ‘விழாது’, ‘ஒதுக்குவோம்’. தலைப்புச் சொல்லை மறைத்துவிட்டுப் படித்தாலும் எது எந்த வகை என்று தெரியும். தமிழில் கண்டிப்பு பெயர்ச்சொல்லில் இருப்பதைவிட வினையின் வாலில்தான் அதிகம் இருக்கிறது. ‘வழிகாட்டுதல்’ என்று தலைப்புப் போட்டுவிட்டுக் கீழே ‘கூடாது, கூடாது’ என்று அடுக்கினால் யாரும் அதை வழிகாட்டுதலாகப் படிக்கமாட்டார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. ‘ஒழுங்குமுறை’ என்று போட்டுவிட்டு ‘தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று முடித்தால், மீறியவரிடம் அபராதம் கேட்க வாய் வராது. கேட்டுக்கொண்டீர்கள், நான் கேட்கவில்லை என்பார். ‘வேண்டாம்’, ‘வேண்டியதில்லை’ இரண்டையும் குழப்பிவிடாதீர்கள். ‘சாவியை ஒப்படைக்க வேண்டாம்’ என்றால் ஒப்படைக்காதே என்று பொருள் வரும், ‘ஒப்படைக்க வேண்டியதில்லை’ என்றால் அவரவர் விருப்பம்.

‘சட்டம்’, ‘சட்டதிட்டம்’ என்பதை மட்டும் மாற்றுச் சொல்லாக எடுக்காதீர்கள். மன்றங்களில் பழைய வழக்கு அது, எனக்கும் தெரியும். ஆனால் சட்டம் இயற்றுவது சட்டமன்றம், நாம் இல்லை. உங்கள் குடியிருப்பில் இலங்கைத் தமிழர் இருந்தால், துணைவிதித் தொகுப்பை அவர்கள் ‘யாப்பு’ என்பார்கள், ஒழுங்குமுறையை ‘ஒழுங்குவிதி’ என்பார்கள். சங்கத்துக்கு யாப்பு என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போன சொல். நம் பக்கத்தில் எழுதினால் செய்யுள் இலக்கணம் என்று நினைத்துவிடுவார்கள், அதனால் எழுதுவதில்லை.

உங்கள் அலுப்புக்கு வருகிறேன். என் பழைய நோட்டீஸில் அபராதம் ‘விதிக்கப்படும்’ என்பதை விட்டுவிட்டால் ‘விதி’ நாலு தடவை வந்தது. புதியதில் ஒரே ஒரு தடவை, அதுவும் ‘துணைவிதி’க்கு உள்ளே.