ஈஜிஎப்ஆர் 27 உள்ள வாப்பாவுக்கு டை போட்டு சிடி ஸ்கேன்: தண்ணி எவ்வளவு, எந்தக் குளிசையை நிறுத்துவது?

கேள்வி: வாப்பாவுக்கு 64 வயது, 60 கிலோ, சீனியும் பிரஷரும் இருக்கு. கிரியட்டினின் 230 மைக்ரோமோல், கிட்னி எவ்வளவு வேலை செய்யுது என்று காட்டும் ஈஜிஎப்ஆர் 27. வயிற்றில் கட்டி மாதிரி ஏதோ தெரியுதாம், டை போட்டு சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், மட்டக்களப்பில், காலை 11 மணிக்கு. நாங்கள் அக்கரைப்பற்று. மெட்போமின், கிளிக்லசைட், லொசாட்டன், அஸ்பிரின் குடிக்கிறார், முழங்கால் நோவுக்கு இடைக்கிடை டைக்லோபெனக். எதை நிறுத்துவது, எவ்வளவு தண்ணி கொடுப்பது?

பதில்:

நான் மட்டக்களப்பில் தாதியாக இருக்கிறேன். கிட்னி வருத்தக்காரரை டை ஊசிக்குத் தயார்படுத்தி அனுப்புவது எங்கள் வார்ட்டில் வழக்கமான வேலை.

முதலில் ஸ்கேன் எழுதிய டொக்டரிடம் ஒன்று கேளுங்கள்: டை இல்லாமல் பார்க்க முடியாதா? கிட்னியில் கல் தேடுவதென்றால் டை தேவையே இல்லை, வெறும் சிடியிலேயே கல் பளிச்சென்று தெரியும். கட்டி என்பது அப்படியில்லை. அதில் இரத்த ஓட்டம் எப்படி, எதோடு ஒட்டியிருக்கிறது என்பதையெல்லாம் டைதான் காட்டும், அதனால் உங்கள் வாப்பாவுக்குத் தேவை என்றே சொல்வார்கள் என்று நினைக்கிறேன். தேவை என்றால் பயந்து தள்ளிப்போடாதீர்கள். டை கிட்னியைக் கெடுக்கும் என்ற பயம் முன்பு நினைத்த அளவுக்கு இல்லை என்று அமெரிக்கக் கதிரியக்கவியல் நிபுணர்களும் சிறுநீரக நிபுணர்களும் 2020இல் சேர்ந்தே எழுதினார்கள். ஆனால் ஈஜிஎப்ஆர் 30க்குக் கீழே இருப்பவர்களுக்குத் தடுப்பு ஏற்பாடு செய்துதான் போட வேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். 27 அந்தக் கோட்டுக்குக் கீழே.

கிரியட்டினினை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது சரிவராது. ரிப்போர்ட்டில் 1.6 மில்லிகிராம், அதாவது 141 மைக்ரோமோல், என்று ஒரே எண் இருந்தாலும் 40 வயது ஆணுக்கு ஈஜிஎப்ஆர் 55 அளவில் வரும், 70 வயதுப் பெண்ணுக்கு 34 அளவில்தான் வரும். உங்களிடம் ஈஜிஎப்ஆர் கையில் இருக்கிறது, நல்லது. அது எப்போது எடுத்தது என்று மட்டும் பாருங்கள். பல மாதம் பழைய ரிப்போர்ட் என்றால், அல்லது இடையில் வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்திருந்தால், ஸ்கேனுக்கு முன் இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்கவும் அந்தப் புது எண்தான் தேவைப்படும்.

இனி தண்ணி. இங்கேதான் பாதிப் பேர் பிழைவிடுகிறார்கள். "வெறும் வயிற்றோடு வாங்க" என்று துண்டில் எழுதியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டோடு தண்ணியையும் நிறுத்திவிடுவார்கள். பிறகு விடிய பஸ் ஏறி, கல்முனை, களுவாஞ்சிக்குடி எல்லாம் தாண்டி வெயிலில் வந்து இறங்கும்போது நாக்கு வறண்டு, சிறுநீர் கடும் மஞ்சளாக இருக்கும். டை போடுவதற்கு இதைவிட மோசமான நிலை கிடையாது. வெறும் வயிறு என்றால் சாப்பாடு இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், அதுவும் சில மணித்தியாலம்தான். வெறும் தண்ணியை அநேகமாக எல்லா இடத்திலும் அனுமதிப்பார்கள், முதல் நாளே ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் 27 உள்ளவருக்கு வாயால் குடிக்கும் தண்ணி மட்டும் போதும் என்று விடுவதில்லை, சேலைன் ஏற்ற வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டலில் உள்ள கணக்கு எளிது: சாதாரண 0.9 வீத சேலைன், ஒரு கிலோவுக்கு மணிக்கு 1 மில்லிலீற்றர், ஸ்கேனுக்கு முன் 3 முதல் 4 மணித்தியாலம், பின் 4 முதல் 6 மணித்தியாலம். வாப்பா 60 கிலோ, அப்போது மணிக்கு 60 மில்லிலீற்றர். முன்னுக்கு நாலு, பின்னுக்கு நாலு என்று வைத்தால் மொத்தம் 480, கிட்டத்தட்ட ஒரு 500 மில்லிலீற்றர் போத்தல், அவ்வளவுதான். 20 துளிக்கு ஒரு மில்லிலீற்றர் வரும் சாதாரண டிரிப் செட்டில் இது நிமிடத்துக்கு 20 துளி, அதாவது மூன்று விநாடிக்கு ஒரு துளி. பக்கத்தில் இருக்கிறவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணலாம். "மெதுவாகப் போகுது மிஸ், கொஞ்சம் கூட்டி விடுங்க" என்று எத்தனை பேர் கேட்பார்கள் தெரியுமா! மெதுவாகப் போவதுதான் மருந்தே. இதயம் பலவீனமானவருக்கோ கால் வீக்கம் உள்ளவருக்கோ வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சு முட்டும். வாப்பாவுக்கு இதய வருத்தம் இருந்தால், படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால், அதை வார்ட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அளவை டொக்டர் குறைப்பார்.

11 மணி ஸ்கேன் என்றால் 7 மணிக்கே சேலைன் ஓட வேண்டும், அக்கரைப்பற்றிலிருந்து அன்று காலை வந்து அது நடக்காது. முதல் நாளே அட்மிட் ஆவதுதான் சரி. வந்தவுடன் படுக்கவைத்து எடுத்து அனுப்பிவிடும் தனியார் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால், "ஈஜிஎப்ஆர் 27, சேலைன் யார் போடுவது?" என்று எழுதிய டொக்டரிடம் நேரே கேளுங்கள். நேரமில்லாத இடத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏற்றும் முறைகளும் உண்டு, அதை அவர்கள் தீர்மானிக்கட்டும். கிட்னியைக் காக்கும் என்று யாராவது அசிட்டைல்சிஸ்டைன் மருந்தைக் கரைத்துக் குடிக்கச் சொன்னால் காசைச் செலவழிக்காதீர்கள். ஏறக்குறைய 5,000 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அவர்கள் அஞ்சியோகிராம் செய்தவர்கள், அந்த மருந்தால் ஒரு பலனும் இல்லை என்று 2018இல் வந்துவிட்டது.

அப்புறம் இளநீர். "உடம்புச் சூடு குறையும், கிட்னிக்கு நல்லது" என்று சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுப்பார்கள். வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், 27இல் உள்ள கிட்னியால் அதை வெளியேற்றுவது கஷ்டம், லொசாட்டனும் பொட்டாசியத்தைக் கூட்டும், இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே குழம்பலாம். நெருஞ்சிமுள் கஷாயமும் அந்த வாரம் வேண்டாம்.

குளிசைகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்துவது பிழை, ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

டைக்லோபெனக்கை இன்றைக்கே நிறுத்துங்கள். ஸ்கேனுக்கு 2 நாள் முன்னும் 2 நாள் பின்னும் கூடாது என்பது பொது விதி, உண்மையில் 27 உள்ளவர் அதைத் தொடவே கூடாது. கிட்னிக்குள் போகும் இரத்தத்தை அது குறைக்கும், டையும் அதே வேலையைக் கொஞ்சம் செய்யும். பாமசியில் முழங்கால் நோ என்றால் கேட்காமலே தருவார்கள், அதனால் வீட்டில் இருக்கும் குளிசைக் காட்டையும் எடுத்து வையுங்கள். நோவுக்குப் பெனடோல் போதும், அளவோடு.

மெட்போமின் கிட்னியைக் கெடுக்காது, இது பலருக்குத் தெரியாது. அது கிட்னி வழியாகத்தான் வெளியே போகும். டை போட்ட பிறகு கிட்னி தளர்ந்தால் மருந்து உடம்பில் தேங்கி, இரத்தத்தில் லக்ரிக் அமிலம் கூடும், அது உயிராபத்து. அதனால் ஸ்கேன் அன்று நிறுத்தி, 48 மணித்தியாலம் கழித்துக் கிரியட்டினின் பார்த்த பிறகுதான் தொடங்குவது என்ற விதி. ஆனால் உங்கள் வாப்பாவின் விஷயம் அதோடு முடியவில்லை. ஈஜிஎப்ஆர் 30க்குக் கீழே மெட்போமினே கொடுப்பதில்லை. கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் "27இல் இது தொடரலாமா?" என்று ஸ்கேனுக்கு முன்னமே கேளுங்கள், அநேகமாக மாற்றித் தருவார்கள்.

கிளிக்லசைட்டுக்கு டையோடு சம்பந்தமில்லை, பட்டினியோடுதான் சம்பந்தம். காலையில் சாப்பிடாமல் அதைக் குடித்தால் சீனி இறங்கிவிடும், கிட்னி பழுதானவர்களுக்கு அப்படி இறங்குவது கூடுதலாகவே நடக்கும். சாப்பாடு இல்லை என்றால் அந்தக் குளிசையும் இல்லை, ஸ்கேன் முடிந்து சாப்பிடும்போது பார்க்கலாம். இன்சுலின் போடுகிறவர் என்றால் காலை அளவை எவ்வளவு குறைப்பது என்று முதல் நாளே கேட்டுவைக்க வேண்டும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் வெறும் வயிற்று விதியெல்லாம் பார்க்கவேண்டாம், சீனித் தண்ணி கொடுத்துவிட்டு மிஸ்ஸைக் கூப்பிடுங்கள்.

லொசாட்டனில் டொக்டர்மாருக்குள்ளேயே இரண்டு கருத்து. கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று வழிகாட்டல்கள் சொல்வதில்லை, சிலர் அன்று காலை மட்டும் விடச் சொல்வார்கள். நீங்களாக நாலைந்து நாள் நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் ஏறிய நிலையில் வந்தால் அது வேறு தலையிடி. அஸ்பிரினை நிறுத்த வேண்டாம். கேள்வி வாசிக்கும் வேறு யாராவது சிறுநீரைக் கூட்டும் லேசிக்ஸ் குடிப்பவராக இருந்தால், அதை நிறுத்துவதா என்பது உடம்பில் நீர் கூடவா குறைவா என்பதைப் பொறுத்தது, டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஊசி விஷயம் ஒன்று. 27 என்றால் என்றோ ஒருநாள் டயலிசிஸ் தேவைப்படலாம், அதற்கு முன்கையின் நரம்புகளைக் காப்பாற்றி வைக்க வேண்டும். வலது கைக்காரர் என்றால் இடது கையில் குத்தவேண்டாம் என்று சொல்லுங்கள், சொன்னால் கேட்பார்கள். டை ஏறும்போது உடம்பு முழுக்கச் சுடும், சிறுநீர் போய்விட்டது போலவே தோன்றும். வயதானவர்கள் வெட்கத்தில் எழும்பப் பார்ப்பார்கள், படம் கெட்டுவிடும். அது டையின் இயல்பு, ஒன்றும் போகவில்லை என்று வாப்பாவிடம் முதலே சொல்லி வையுங்கள்.

ஸ்கேன் முடிந்தால் கதை முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். டையால் கிட்னி தளர்ந்தால் அன்று ஒன்றும் தெரியாது, ஒன்றிரண்டு நாளில் கிரியட்டினின் ஏறத் தொடங்கி, 3 முதல் 5 நாளில் உச்சிக்குப் போய், பெரும்பாலும் பத்து நாளுக்குள் பழைய இடத்துக்கு இறங்கும். அதனால் 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் ஒரு கிரியட்டினின் கட்டாயம், முன்பு எடுத்த அதே லாப்பில். திகதியைத் தெரிவு செய்ய முடிந்தால் திங்களோ செவ்வாயோ கேளுங்கள், வெள்ளிக்கிழமை எடுத்தால் 48 மணித்தியாலம் ஞாயிறில் போய் விழும்.

வாப்பாவின் 230, இரண்டு நாளில் 256ஐத் தாண்டினாலோ ஒரு வாரத்துக்குள் 345ஐத் தொட்டாலோ கிட்னி அடிபட்டிருக்கிறது என்று கணக்கு. கிளினிக் திகதி வரை காத்திராமல் அன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். வீட்டில் பார்க்கக்கூடியது சிறுநீரின் அளவு: ஒரு பழைய தண்ணிப் போத்தலில் பிடித்து வரச் சொன்னால் கணக்குத் தெரியும். ஒரு நாளைக்கு மொத்தம் 400 மில்லிலீற்றருக்குக் கீழே போனாலோ, முகம் ஊதினாலோ, மூச்சு வாங்கினாலோ லாப் ரிப்போர்ட்டுக்கு நிற்காமல் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியோ அங்கே போங்கள், போகும்போது டை போட்ட திகதி எழுதிய துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு.