படத்திலுள்ள எழுத்தை மொழிபெயர்க்கும்போது தப்பு எங்கே சேர்கிறது?

போட்டோவில் இருக்கும் எழுத்தை மூன்று படியாக மொழிபெயர்த்தால் ஏன் தப்பு கூடுகிறது? படத்தை நேரடியாகப் படிக்கும் மாடல் மேலா?

முதல் படி எழுத்து இருக்கும் இடத்தில் கட்டம் போடும், இரண்டாவது அதைப் படிக்கும், மூன்றாவது மொழிபெயர்க்கும். 'பல் மருத்துவமனை' போர்டில் கட்டம் மேலே கொஞ்சம் வெட்டினால் புள்ளி போச்சு; அடுத்த படி 'பல மருத்துவமனை' என்று படிக்கும், மூன்றாவது அதை இந்தியில் 'நிறைய ஆஸ்பத்திரிகள்' என்று ஆக்கிவிடும், பக்கத்திலேயே பெரிதாக வரைந்திருக்கும் பல் அதன் பார்வைக்கு வரவே இல்லையே. மருந்துச் சீட்டைப் போனில் படித்துக் காட்டி வாங்குவது மாதிரிதான். ஒவ்வொரு படியும் தனித்தனியே 95% சரி என்றாலும் மூன்றும் சேர்ந்தால் சுமார் 86%தான்.

நேரடி மாடலுக்குப் படம் கடைசிவரை கண்முன் இருக்கும். அதற்காக அது தப்பே செய்யாது என்று நினைக்காதீர்கள்: மங்கலான இடத்தில் இல்லாத வார்த்தையைச் சரளமாக எழுதிவிடும், சரிபார்க்க நடுவில் படித்த வரியும் கிடைக்காது.