ஐஸ் ஆலையின் தேய்மானக் கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மண்டபம் வாசகர்: பார் ஐஸ் ஆலைக்கு இயந்திரக் கொட்டேஷன் 60 லட்சம் ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி 10.80 லட்சம். திட்ட அறிக்கையில் மூலதனச் செலவு என்று எதை எழுதுவது?

கொட்டேஷனில் உள்ள தொகை மட்டும் மூலதனச் செலவு ஆகாது. கம்ப்ரெசரை லாரியில் கொண்டுவந்து, அடித்தளம் போட்டுப் பொருத்தும் செலவு 3 லட்சம், மின் இணைப்புக்கும் பேனலுக்கும் 5 லட்சம், ஆலை ஓடத் தொடங்கும் நாள் வரையிலான கடன் வட்டி 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், இயந்திரத்தின் விலை 70 லட்சமாகப் பதிவாக வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு வரும் வட்டி அந்தந்த ஆண்டின் செலவுக் கணக்கில்தான் சேரும். ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறுவதாக இருந்தால் அந்த 10.80 லட்சத்தை விலையில் சேர்க்கக் கூடாது. ஒரே தொகைக்கு வரிக் கழிவும் தேய்மானமும் எடுக்கச் சட்டம் இடம் தராது. ஆனால் அந்தப் பணத்தை முதலில் உங்கள் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும் என்பதால், நிதித் தேவைப் பட்டியலில் அது கட்டாயம் இடம்பெற வேண்டும். அங்கே விட்டுவிட்டு, இயந்திரம் வந்து இறங்கும் நாளில் தவிப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அரசு மானியம் கிடைத்தால் அது விலையிலிருந்து கழியும். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது.

தொண்டி வாசகர்: நவம்பரில் ஆலையைத் தொடங்கினால் முதல் ஆண்டில் முழுத் தேய்மானம் கிடைக்குமா?

வருமான வரிக் கணக்கில் கிடைக்காது. பொதுவான இயந்திரங்களுக்கு விகிதம் 15 சதவீதம் என்றாலும், வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதி மட்டுமே உண்டு. மேலே சொன்ன 70 லட்சத்துக்கு முதல் ஆண்டில் 5.25 லட்சம், மீதமுள்ள 64.75 லட்சத்தில் இரண்டாம் ஆண்டு ஏறத்தாழ 9.71 லட்சம். கணக்கில் வருவது பில் தேதி அல்ல, இயந்திரம் உண்மையில் பயன்பாட்டுக்கு வந்த தேதி. ஆகவே முதல் ஐஸ் விற்ற பில்லையும் அந்த மாத மின் கட்டண ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பாம்பன் வாசகர்: கணக்குப் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் 15 ஆண்டு ஆயுள் போட்டால் போதும் என்கிறார் ஆடிட்டர். சரியா?

நிறுவனச் சட்டத்தின் அட்டவணை பொது இயந்திரங்களுக்கு 15 ஆண்டு தருகிறது. ஆயினும் பெரிய பாகம் ஒன்றின் ஆயுள் வேறாக இருந்தால் அதைத் தனியே பிரித்துக் காட்ட வேண்டும் என்பதும் அதே அட்டவணையில் உண்டு. ஐஸ் ஆலையில் இதைத் தவிர்க்கவே முடியாது. கேன்கள் நாள் முழுவதும் உப்புநீர்த் தொட்டியில் நிற்கின்றன, கண்டென்சர் குழாய்களோ வெளியே கடற்காற்றில் கிடக்கின்றன. பழைய ஆலை ஒன்றில் ஒரு கேனைக் கவிழ்த்து அடித்தகட்டைத் திருப்புளியால் தட்டிப் பாருங்கள். துரு பொருக்குப் பொருக்காக உதிரும். ஓட்டை விழுந்த கேனில் உறையும் பார் உப்புக் கரிக்கும், கலங்கலாகவும் இருக்கும். படகுக்காரர்கள் அதை வாங்க மாட்டார்கள்.

உங்கள் 70 லட்சத்தில் கேன்களும் குழாய்களும் 12 லட்சம், அவற்றின் ஆயுள் 6 ஆண்டு என்று கொள்வோம். அவற்றுக்கு ஆண்டுக்கு 2 லட்சம். மீதி 58 லட்சத்துக்கு 5 சதவீத எஞ்சிய மதிப்பு விட்டு 15 ஆண்டில் பிரித்தால் சுமார் 3.67 லட்சம், மொத்தம் 5.67 லட்சம். எல்லாவற்றையும் 15 ஆண்டில் போட்டால் 4.43 லட்சம்தான் வரும். காகிதத்தில் கூடுதலாகத் தெரியும் 1.24 லட்சம் லாபம் உண்மையில் துருவாக உதிர்ந்துகொண்டிருக்கும்.

தங்கச்சிமடம் வாசகர்: கடன் 50 லட்சம், 5 ஆண்டுத் தவணை. நிகர லாபம் 7 லட்சம்தான். அசலே ஆண்டுக்கு 10 லட்சம். தேய்மானத்தைக் கூட்டிக் காட்டினால் வங்கி ஏற்குமா?

தேய்மானம் பணமாக வெளியே போகாத செலவு. ஆகவே கடன் திருப்பும் திறனைக் கணக்கிடும்போது வங்கியே அதை லாபத்தோடு திரும்பச் சேர்த்துக்கொள்ளும். 7 லட்சம் லாபம், 5.67 லட்சம் தேய்மானம், லாபத்தில் ஏற்கெனவே கழிந்த வட்டி 5 லட்சம் என்று கொண்டால், ஆக 17.67 லட்சம், கட்ட வேண்டியது அசலும் வட்டியுமாக 15 லட்சம், விகிதம் 1.18. சுமார் 1.5 எதிர்பார்க்கும் வங்கிக்கு இது போதாது. தேய்மானத்தை ஏற்றிக் காட்டுவதால் பயன் இல்லை, ஏனெனில் அது ஏறும் அளவுக்கு லாபம் இறங்கும். கூட்டுத்தொகையில் வரி வேறுபாடு தவிர எதுவும் மாறாது.

தவணையை 7 ஆண்டாக்கினால் அசல் 7.14 லட்சமாகி, விகிதம் ஏறத்தாழ 1.46க்கு வரும். ஆனால் அப்போது 6ஆம் ஆண்டு முடிவில் கேன்களை மாற்றும் 12 லட்சம், கடன் இன்னும் தீராத நேரத்தில் வந்து நிற்கும். ஆகவே மூலதனச் செலவு அட்டவணையில் அந்த ஆண்டுக்கு நேராக அந்தத் தொகையை இப்போதே எழுதி, ஆண்டுக்கு 2 லட்சம் ஒதுக்கிக்கொண்டே வாருங்கள்.

இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது; நாட்டுப்படகுகளின் வாங்குதல் மட்டும் இருக்கும். தேய்மானமும் தவணையும் அப்போதும் நிற்காது. மாதச் சமத் தவணைக்குப் பதிலாக, மே, ஜூன் தவணைகளைக் குறைத்து மற்ற மாதங்களில் கூட்டும்படி ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதிவாங்குங்கள். கம்ப்ரெசர் ஓவர்ஹாலையும் அந்த நாட்களுக்கே வைத்துக்கொள்ளலாம்.