பீக் ஏரியா மாறினாலும் விடை மாறாதிருக்க: ஜிசி-யில் இன்டர்னல் ஸ்டாண்டர்ட் கணக்கு

கேள்வி: அரிஷ்டத்தில் ஆல்கஹால் அளவு பார்க்க ஜிசி எனும் கேஸ் குரோமட்டோகிராஃபில் 1-புரோபனாலை இன்டர்னல் ஸ்டாண்டர்டாகப் போடுகிறோம். ஒரே கரைசலை மூன்று தடவை செலுத்தினால் மூன்று விதமாக ஏரியா வருகிறது. இதை வைத்து ரெஸ்பான்ஸ் ஃபேக்டர் போட்டு விடை எடுப்பது எப்படி? அந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில்:

முதலில் ஏரியா ஏன் மாறுகிறது என்று பார்த்துவிடுவோம். நீங்கள் செலுத்துவது பெரும்பாலும் தண்ணீர். 1 மைக்ரோலிட்டர் தண்ணீர் 250 டிகிரி இன்லெட்டில் ஆவியாகும்போது, வழக்கமான கேரியர் அழுத்தத்தில், 1 மி.லி.க்கும் மேல் இடம் கேட்கும். இன்லெட்டுக்குள் இருக்கும் 4 மி.மீ. உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாயான லைனரின் கொள்ளளவோ 1 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. மிஞ்சிய ஆவி மேலே செப்டம் பக்கமாகவும் கேஸ் குழாய்க்குள்ளும் போய்விடுகிறது. எவ்வளவு போகும் என்பது தடவைக்குத் தடவை வேறுபடும். அதனால் 0.5 மைக்ரோலிட்டருக்கு மேல் செலுத்தாதீர்கள். அப்படிச் செய்தாலும் சிறு மாற்றம் இருக்கத்தான் செய்யும். அந்த மிச்சத்தைச் சரிக்கட்டத்தான் 1-புரோபனால். தப்பிப் போகும் ஆவியில் எத்தனாலும் புரோபனாலும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் கலந்திருக்கும். ஆகவே இரண்டு ஏரியாவும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். விகிதம் அப்படியே நிற்கும்.

இனி கரைசல்கள். எத்தனால் ஸ்டாண்டர்டுக்கு, தண்ணீர் கலக்காத எத்தனால் 10.00 மி.லி.யை 100 மி.லி. ஃப்ளாஸ்க்கில் எடுத்து, முக்கால் அளவு தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். கலக்கும்போது சூடாகும், கன அளவும் சுருங்கும். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே குறி வரை நிரப்ப வேண்டும். இது 10% கரைசல். இதே போல 1-புரோபனால் 5.00 மி.லி.யை 100 மி.லி.க்கு ஆக்கினால் 5% இன்டர்னல் ஸ்டாண்டர்ட் கரைசல் கிடைக்கும்.

பிறகு இரண்டு 25 மி.லி. ஃப்ளாஸ்க். ஒன்றில் எத்தனால் ஸ்டாண்டர்ட் 5.00 மி.லி., மற்றதில் வடிகட்டிய அரிஷ்டம் 5.00 மி.லி. இரண்டிலும் இன்டர்னல் ஸ்டாண்டர்ட் கரைசல் 5.00 மி.லி., ஒரே பிப்பெட்டால். குறி வரை தண்ணீர். இப்போது முதல் ஃப்ளாஸ்க்கில் உள்ள எத்தனால் 0.500 மி.லி., புரோபனால் 0.250 மி.லி. இரண்டாவதிலும் புரோபனால் 0.250 மி.லி. அதிலுள்ள எத்தனால் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

```
RF  = (A_e / A_is) × (V_is / V_e)     ஸ்டாண்டர்டிலிருந்து
V_e = (A_e / A_is) × (V_is / RF)      சாம்பிளுக்கு
```

`RF` ரெஸ்பான்ஸ் ஃபேக்டர், `A_e` எத்தனால் ஏரியா, `A_is` புரோபனால் ஏரியா, `V` என்பது ஃப்ளாஸ்க்குக்குள் போன சுத்தமான பொருளின் மி.லி. அளவு. செறிவுக்குப் பதில் இப்படி அளவாகவே போட்டால், பின்னால் எத்தனை மடங்கு நீர்த்தோம் என்ற பெருக்கலே வராது. அதில் நடக்கும் தவறும் வராது.

ஸ்டாண்டர்டை மூன்று தடவை செலுத்தியதாக எண்களோடு பார்ப்போம். முதல் தடவை எத்தனால் 8,24,600, புரோபனால் 5,51,900, விகிதம் 1.494. இரண்டாவது 7,71,300, 5,17,200, விகிதம் 1.491. மூன்றாவது 8,66,900, 5,78,400, விகிதம் 1.499. எத்தனால் ஏரியாவில் சிறியதற்கும் பெரியதற்கும் 12% வித்தியாசம். விகிதத்திலோ அரை சதவீதம்தான். சராசரி விகிதம் 1.4947. அதை 0.250/0.500 ஆல் பெருக்கினால் RF 0.7474.

இந்த 0.7474 நம்பத்தக்கதா என்று கருவியை நம்பாமலே பார்க்க ஒரு வழி உண்டு. ஃபிளேம் அயனைசேஷன் டிடெக்டர் ஏறக்குறைய கார்பன் அணுக்களை எண்ணுகிறது. ஆல்கஹாலில் ஓஎச் ஒட்டியிருக்கும் கார்பன் முழுதாக எண்ணப்படுவதில்லை. பிரைமரி ஆல்கஹாலுக்குச் சுமார் 0.6 கழிக்க வேண்டும். எத்தனாலுக்கு 1.4, புரோபனாலுக்கு 2.4. இவற்றை மூலக்கூறு எடை 46.07, 60.10 ஆல் வகுத்து, அடர்த்தி 0.789, 0.803 ஆல் பெருக்கி, விகிதம் எடுத்தால் 0.75 வருகிறது. உங்கள் RF 0.72 முதல் 0.78 வரைக்குள் இருந்தால் கரைசல் தயாரிப்பில் பெரிய பிசகு இல்லை என்று நம்பலாம். 0.6, 0.9 என்று வந்தால் மேலே போகாதீர்கள். ஸ்டாண்டர்டைத் திரும்பத் தயாரியுங்கள். பத்து நிமிட வேலைதான், நாள் முழுக்கத் தவறான ரிப்போர்ட் போகாமல் காக்கும்.

இப்போது அரிஷ்டம். முதல் இன்ஜெக்‌ஷனில் 5,98,700, 5,33,400, விகிதம் 1.1224. 1.1224 × 0.250 / 0.7474 = 0.3754 மி.லி. இது 5.00 மி.லி. அரிஷ்டத்தில் இருந்த எத்தனால். ஆக 7.51%. இரண்டாவது இன்ஜெக்‌ஷனில் 6,41,200, 5,70,100, விகிதம் 1.1247; விடை 7.52%. புரோபனாலைக் கண்டுகொள்ளாமல், எத்தனால் ஏரியாவை ஸ்டாண்டர்டின் சராசரி ஏரியாவோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் இதே இரண்டு இன்ஜெக்‌ஷனும் 7.29%, 7.81% என்று காட்டியிருக்கும்.

கணக்கில் அடிக்கடி நடக்கும் பிசகு RF-ஐத் தலைகீழாகப் போடுவது. சில சாஃப்ட்வேர் அளவை ஏரியாவால் வகுத்து RF என்று காட்டும். அப்போது இதே தரவு 1.338 ஆகத் தெரியும். அதை வைத்திருந்தால் பெருக்க வேண்டும், 0.7474 வைத்திருந்தால் வகுக்க வேண்டும். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கினால் 7.51% என்பது 4.2% ஆகிவிடும். எண் நம்பும்படியாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்டாண்டர்டையே தெரியாத சாம்பிள் போல அதே ஷீட்டில் போடுங்கள். 10.0% வரவில்லை என்றால் சூத்திரம் தலைகீழாக இருக்கிறது.

நம்பிக்கை பற்றிக் கேட்டீர்கள். விகிதம் எதையெல்லாம் ரத்து செய்கிறது, எதைச் செய்யாது என்பதில்தான் அது இருக்கிறது. புரோபனால் உள்ளே போன பிறகு இரண்டுக்கும் ஒரே மாதிரி நடப்பதெல்லாம் ரத்தாகும். செலுத்திய அளவு ரத்தாகும். ஸ்ப்ளிட் விகிதம் கொஞ்சம் நகர்ந்தாலும் ரத்தாகும். 25 மி.லி. குறியைத் தாண்டி ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால்கூட விடை மாறாது, ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே நீர்க்கின்றன. இன்டர்னல் ஸ்டாண்டர்ட் கரைசல் 5% அல்லாமல் 4.8% ஆக இருந்தாலும், ஸ்டாண்டர்டிலும் சாம்பிளிலும் அதே புட்டியிலிருந்து எடுத்திருந்தால் விடை சரிதான். RF மட்டும் சற்று விலகித் தெரியும். ஆனால் புட்டி தீர்ந்து நடுவில் புதிதாகத் தயாரித்தால் பழைய RF-ஐப் பயன்படுத்தக் கூடாது. புதுக் கரைசலோடு ஸ்டாண்டர்டையும் புதிதாக ஓட்டுங்கள். இதை விட்டுவிடுவதால் ஒரு நாளிலிருந்து மறுநாள் எல்லா சாம்பிளும் ஒரே பக்கமாக நகர்வதைக் காணலாம்.

ரத்தாகாதவை மூன்று. முதலாவது அந்த 5.00 மி.லி. பிப்பெட்டுகள். ஸ்டாண்டர்ட், அரிஷ்டம், புரோபனால் மூன்றையும் எடுக்கும் பிப்பெட்டின் பிழை நேரே விடைக்குப் போகும். அரிஷ்டம் பிசுபிசுப்பானது, வேகமாக வடியவிட்டால் பிப்பெட் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறையும். மெதுவாக வடியவிடுங்கள், நுனியைச் சுவரில் தொட்டுப் பிடியுங்கள். 25 மி.லி. குறியில் காட்டும் கவனத்தை இங்கே காட்டுவதுதான் நியாயம்.

இரண்டாவது, எத்தனாலின் தூய்மை. திறந்து வைத்த புட்டி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். 96% ஸ்பிரிட்டை 100% என்று எடுத்துக்கொண்டால் எல்லா விடையும் 4% அளவு உயர்ந்து வரும். புரோபனால் இதைக் காட்டிக்கொடுக்காது. புதுப் புட்டியில் இன்னொரு ஸ்டாண்டர்ட் தயாரித்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

மூன்றாவது, புரோபனால் பீக்கோடு வேறு ஏதாவது சேர்ந்து வருவது. புளிக்க வைத்த எதிலும் ஈஸ்ட் கொஞ்சம் 1-புரோபனாலையும் உண்டாக்கும். அது `A_is`-ஐக் கூட்டும், விகிதம் குறையும், எத்தனால் குறைவாகத் தெரியும். எனவே இன்டர்னல் ஸ்டாண்டர்ட் சேர்க்காத அரிஷ்டத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். ஒயின் போன்றவற்றில் இது லிட்டருக்குப் பத்துக்கணக்கான மில்லிகிராம்தான். 50 மி.கி. என்று வைத்தால், 5 மி.லி. சாம்பிளில் 0.25 மி.கி. வரும். நீங்கள் சேர்ப்பதோ சுமார் 200 மி.கி. ஆயிரத்தில் ஒரு பங்குதான், கவலை இல்லை. இதே அரிஷ்டத்தில் மிகச் சிறிய அளவு மெத்தனாலைப் பார்ப்பதற்காகப் புரோபனாலையும் அந்த அளவுக்குக் குறைத்துப் போட்டால் கதை வேறு. அப்போது வேறு இன்டர்னல் ஸ்டாண்டர்ட் தேட வேண்டும். சிதையத் தொடங்கிய உடலின் இரத்தத்தில் 1-புரோபனால் தானாகவே உண்டாவதால் அங்கே டெர்ட்-பியூட்டனாலைப் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். ஐசோபுரோபனாலை மட்டும் எடுக்காதீர்கள். லேபில் அது எங்கும் இருக்கும், சிரிஞ்ச் கழுவும் வயலில்கூட இருக்கலாம்.

இன்னொன்றையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அன்றைய எல்லா இன்ஜெக்‌ஷனின் `A_is` எண்களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். எல்லா ஃப்ளாஸ்க்கிலும் ஒரே அளவு புரோபனால் இருப்பதால் அவை ஒரே வட்டாரத்தில் நிற்க வேண்டும். ஒரு சாம்பிளில் மட்டும், திரும்பச் செலுத்தினாலும், இரு மடங்கு வந்தால் புரோபனாலை இரண்டு தடவை விட்டிருக்கிறீர்கள், விடை பாதியாகியிருக்கும். வரிசையாக இறங்கிக்கொண்டே போனால் செப்டம் கசிகிறது, அல்லது அரிஷ்டத்தின் சர்க்கரை லைனரில் கருகிப் படிந்திருக்கிறது. அப்போது விகிதம் சில இன்ஜெக்‌ஷன் வரை சரியாகவே இருக்கும். பீக் வால் பிடிக்கத் தொடங்கியதும் எத்தனாலும் புரோபனாலும் வேறு வேறு அளவில் பாதிக்கப்பட்டு விகிதமும் நகரும். `A_is` தொடக்கத்தில் இருந்ததிலிருந்து 20% இறங்கியதுமே நிறுத்தி, லைனரை மாற்றி, ஸ்டாண்டர்டை மறுபடி ஓட்டிய பிறகு தொடருங்கள்.

ஒரே RF போதுமா என்பதையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். அதே 10% ஸ்டாண்டர்டில் 2, 5, 8 மி.லி. எடுத்து, ஒவ்வொன்றிலும் புரோபனால் 5 மி.லி. வைத்து RF கணக்கிடுங்கள். மூன்றும் 2%க்குள் ஒத்துப்போனால் ஒற்றை RF போதும். எத்தனால் கூடக் கூட RF ஒரே பக்கமாக நகர்ந்தால் ஜிசி-யின் பிரிப்புக் குழாய் அதிகச் சுமையில் இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். எத்தனால் பீக்கின் முன்பக்கம் சாய்ந்து, பின்பக்கம் செங்குத்தாக விழுவதைப் பார்த்தும் இதை அறியலாம். ஸ்ப்ளிட்டை 1:50 இலிருந்து 1:100 ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் நகர்ந்தால் ஏரியா விகிதத்தை அளவு விகிதத்துக்கு எதிராக வரைந்து, கோட்டின் சாய்வையும் வெட்டுத்துண்டையும் கொண்டு கணக்கிடுங்கள்.